மூச்சு வரையும் கோடு

2020 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகர மருத்துவமனையில் 61 வயதுப் பெண் ஒருவர் குடல்வால் அழற்சிக்காக அறுவை சிகிச்சைக்கு வந்தார். அவரும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்தான். எக்ஸ்ரே பிரிவில் ரேடியோகிராஃபராகப் பணியாற்றியவர். மயக்கம் கொடுத்து, மூச்சுவிட வைக்கும் டியூபைத் தொண்டை வழியாக இறக்கினார்கள். அது மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாய்க்குள் போய்விட்டது. நோயாளியின் நிலை மோசமானபோது, மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்த அலர்ஜி அதிர்ச்சி என்று சந்தேகம் போனது. டியூப் இருக்கும் இடம் தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். மரண விசாரணை அதிகாரி 2021-ல் அளித்த அறிக்கை உலகம் முழுக்க மயக்க மருத்துவர்கள் நடுவே பேசப்பட்டது.

இதைப் படிக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, ‘டியூபை எப்படித் தப்பான குழாயில் போட்டார்கள்?’ என்ற கேள்விதான். உண்மையில் அது பெரிய விஷயமில்லை. மூச்சுக்குழாயின் வாசலும் உணவுக்குழாயின் வாசலும் முன்னும் பின்னுமாக ஒட்டியே இருக்கின்றன. கழுத்து குட்டையாக இருந்தால், வாய் சரியாகத் திறக்காவிட்டால், தொண்டையில் எச்சிலோ ரத்தமோ தேங்கியிருந்தால் முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கும் டியூப் வழி மாறும். உடனே கண்டுபிடித்து உருவிவிட்டு, முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்து, மறுபடி முயன்றால் நோயாளிக்கு ஒன்றும் ஆவதில்லை. மாறிப்போனது தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

தெரியாமல் போக வாய்ப்பு நிறையவே இருக்கிறது. வயிற்றுக்குள் காற்று போனாலும் மார்பு ஏறி இறங்குவதுபோலத் தெரியும். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால், உணவுக்குழாயில் காற்று போகும் ஓசையே நுரையீரல் ஓசைபோலக் கேட்கும். மூச்சுக்கு அடையாளம் என்று சொல்லப்படும் பனிப்படலம் டியூபின் உட்புறத்தில் வயிற்றுக் காற்றாலும் படியும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால், மயக்கம் கொடுக்கும் முன் சுமார் மூன்று நிமிடம் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். அப்போது நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் சேமிப்பாகிவிடுகிறது. மயக்கத்தில் இருக்கும் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர்தான் செலவழிக்கும். ஆகவே ஒரு துளிக் காற்றுகூட நுரையீரலுக்குப் போகாமலிருந்தாலும், நல்ல உடல்நிலை உள்ளவருக்குப் பல நிமிடங்கள் வரை அந்த 99 குறையாது. குறையத் தொடங்கும்போது டியூப் போட்ட விஷயம் பழங்கதையாகியிருக்கும். மருத்துவர் வேறு காரணம் தேட ஆரம்பித்திருப்பார்.

இந்த இடத்தில் ஏமாற்றாத ஒரு சாட்சி உண்டு. நோயாளி வெளியே விடும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது கரியமில வாயு. உடலின் திசுக்கள் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. ரத்தம் அதைச் சுமந்துவந்து நுரையீரலில் இறக்குகிறது. நாம் உள்ளே இழுக்கும் சாதாரணக் காற்றில் அது 0.04 சதவீதம்தான், இல்லை என்றே சொல்லிவிடலாம். வெளியே விடும் மூச்சில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வயிற்றில் இப்படி ஊறிவரும் கரியமில வாயு கிடையாது. எனவே டியூப் வழியாக மூச்சுக்கு மூச்சு கரியமில வாயு வந்துகொண்டே இருந்தால் டியூப் நுரையீரலோடு தொடர்பில் இருக்கிறது. வராவிட்டால் இல்லை.

இந்த வாயுவை அளக்க உதவும் இயற்பியல் பழையது. அகச்சிவப்புக் கதிரைக் கரியமில வாயு விழுங்கும் என்று காட்டிய ஜான் டிண்டால், 1860-களிலேயே மனித மூச்சை அப்படிச் சோதித்துப் பார்த்தவர். அதை மருத்துவத்துக்குப் பயன்படும் கருவியாக மாற்ற வழி செய்தவர் ஜெர்மனியின் கார்ல் லுஃப்ட். ஆனால் ஓடும் கோட்டை ஒரு மொழியைப்போல எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் நெதர்லாந்தின் பாப் ஸ்மால்ஹவுட்டும் செடன் கலெண்டாவும்தான். எந்தக் கோளாறு எந்த வடிவத்தைத் தரும் என்று கோடுகளைத் தொகுத்து 1975-ல் அவர்கள் ஒரு பட நூலே கொண்டுவந்தார்கள். அறுவை அரங்கில் இந்தக் கருவியை வழக்கமான கண்காணிப்பாக ஏற்றுக்கொண்ட முதல் நாடும் நெதர்லாந்துதான்.

கருவியின் பெயர் கேப்னோகிராஃப். டியூபின் வாயில் பொருத்திய இணைப்பிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று மானிட்டருக்குப் போகும். நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லி லிட்டர் வரை காற்றை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மானிட்டரின் உள்ளே அகச்சிவப்புக் கதிர் அந்தக் காற்றினூடே பாய்ந்து, எவ்வளவு கதிர் விழுங்கப்பட்டது என்பதை வைத்து அளவு சொல்லும். திரையில் இரண்டு தகவல் தெரியும். ஒன்று EtCO2 என்ற பெயரோடு வரும் எண். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தறுவாயில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்பது. இயல்பாக இது 35 முதல் 45 mmHg வரை இருக்கும். மற்றது, இடமிருந்து வலமாக நகரும் கோடு.

பலரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எண் சொல்லாத கதையைக் கோடு சொல்லும்.

இயல்பான கோட்டை முதலில் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். வயல் வரப்பைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல இருக்கும்: இருபுறமும் செங்குத்து, மேலே சமதளம், வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே தட்டையான தரை. மூச்சு உள்ளே போகும் நேரம்தான் அந்தத் தரை. அப்போது டியூபின் வாயைக் கடப்பது புதுக் காற்று என்பதால் அளவு சுழியம். மூச்சை வெளியே விடத் தொடங்கியதும் முதலில் வருவது, தொண்டையிலும் குழாய்களிலும் நின்றிருந்த காற்று. வாயுப் பரிமாற்றத்தில் கலந்துகொள்ளாத அதிலும் கரியமில வாயு இல்லை. எனவே வெளிமூச்சின் ஆரம்பத்திலும் கோடு தரையில்தான் கிடக்கும். பிறகு நுரையீரலின் காற்று வந்து சேர்ந்ததும் கோடு விருட்டென ஏறும். ஏறியபின் காற்று முழுக்க நுரையீரலின் சிற்றறைகளிலிருந்தே வருவதால் மேல்மட்டம் ஏறக்குறைய சமமாக, கடைசி வரை மிக லேசாக உயர்ந்தபடி போகும். EtCO2 என்ற எண் எடுக்கப்படுவது அந்தக் கடைசிப் புள்ளியில்தான். அடுத்த மூச்சு உள்ளே போனதும் கோடு ஒரே வீழ்ச்சியாகத் தரைக்கு வந்துவிடும்.

டியூப் உணவுக்குழாயில் இருந்தால் இந்தக் கோடு எழும்பவே எழும்பாது. தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் ஒரு சின்னக் குழப்பம் வரும். டியூப் போடும் முன் முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்தபோது, நோயாளி வெளியே விட்ட காற்றில் கொஞ்சம் வயிற்றுக்குள் தள்ளப்பட்டிருக்கலாம். நோயாளி சோடா, கோலா போன்றவற்றைக் குடித்திருந்தாலும் வயிற்றில் கரியமில வாயு இருக்கும். அப்போது உணவுக்குழாயில் போன டியூபும் முதல் சில மூச்சுகளுக்கு மேடுகளைக் காட்டும். ஆனால் அந்த மேடுகள் ஒழுங்கற்ற வடிவத்தில், ஒன்றுக்கு அடுத்தது சிறியதாகத் தேய்ந்துகொண்டே வந்து ஐந்தாறு மூச்சுக்குள் காணாமல் போகும். வயிற்றிலிருக்கும் வாயு கரைந்து தீரும். ரத்தம் கொண்டுவரும் வாயு தீராது.

இதனால்தான் 2022-ல் பல நாட்டு மயக்க மருத்துவர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல், ‘கோடு தெரிந்தது’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ள விடவில்லை. வெளிமூச்சில் ஏறி, உள்மூச்சில் இறங்கும் கோடு குறைந்தது ஏழு மூச்சுக்கு நிலைத்து நிற்க வேண்டும். அதன் உயரம் தேயக் கூடாது. உச்சி தரையிலிருந்து 7.5 mmHg-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த நோயாளியின் நிலைமைக்கு அது பொருந்தவும் வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் டியூப் சரியான இடத்தில் இருப்பதாகக் கொள்ளலாம் என்கிறது அது. ஏழு மூச்சுக்கு அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

கோடு தட்டையாக இருக்கும்போது மனித மனம் செய்யும் வேலை விசித்திரமானது. ‘டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போனதைக் கண்ணால் பார்த்தேனே’ என்பார் போட்டவர். பிறகு காரணங்கள் வரிசையாக வரும். கருவி கெட்டுப்போயிருக்கும். மூச்சுக்குழல்கள் இறுகிப்போயிருக்கும். இதயம் நின்றுவிட்டதால் வாயு வரவில்லை. மூன்றுமே சாத்தியம்தான். அதனால்தான் ஆபத்து.

கருவியின் மேல் சந்தேகம் என்றால் அதைத் தீர்க்க இரண்டே வினாடி போதும். மெல்லிய குழாயைக் கழற்றி மருத்துவரோ உதவியாளரோ அதன் முனையில் ஊதினால் கோடு எழும்ப வேண்டும். எழும்பினால் கருவி சரி, டியூப்தான் தவறு. மூச்சுக்குழல்கள் முழுவதும் இறுகி, இம்மிக் காற்றும் போகாத நிலை இருக்க முடியும். ஆனால் மிக மிக அரிது. அப்படியே இருந்தாலும் டியூப் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று வேறு வழியில் உறுதி செய்யாமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

இதய நிறுத்தம் பற்றிய தவறான எண்ணமும் உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. இதயம் நின்றுவிட்டால் கோடு தட்டையாகத்தானே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தால், அந்த அழுத்தம் கொஞ்சம் ரத்தத்தை நுரையீரல் வழியாக ஓட்டும். அதன் கரியமில வாயு வெளிமூச்சில் வரும். கோடு தாழ்ந்து, பத்து இருபது mmHg அளவில் இருக்கும், ஆனால் இருக்கும். மார்பை அழுத்தும்போதும் கோடு முழுத் தட்டையாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டியூபைத்தான். பிரிட்டனில் மூச்சுப்பாதை விபத்துகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான தேசிய ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ந்த அத்தகைய மரணங்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தக் கருவி இல்லாததோ, சரியாகப் பயன்படுத்தாததோ காரணமாக இருந்திருக்கலாம் என்றது. கோட்டைப் பார்த்தும் தவறாகப் பொருள்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் உண்டு. ‘கோடு இல்லையா, டியூப் இடம் தவறு’ என்ற பொருளில் அந்நாட்டு மயக்க மருத்துவர்களின் ராயல் காலேஜ் ஒரு வாசகத்தைப் பரப்பி வருவது இதற்காகத்தான். டியூப் போட்டவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அறையில் இருக்கும் நர்ஸ் அந்த வாசகத்தைச் சத்தமாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது அதன் உள்நோக்கம். சந்தேகம் நீங்காவிட்டால் டியூபை உருவிவிட வேண்டும். நல்ல டியூபை உருவிவிட்டால் மறுபடி போடலாம். தப்பான டியூபை விட்டுவைத்தால் சில நிமிடங்களில் மூளை போய்விடும்.

இது கோடு எழாத கதை. எழுந்த கோடு இறங்க மறுக்கும் கதை வேறு.

பெரும்பாலான மயக்க இயந்திரங்களில் காற்று வட்டமாகச் சுற்றுகிறது. நோயாளி வெளியே விடும் காற்றை வீணாக்காமல், அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் வடிகட்டிவிட்டு, மீதமுள்ள ஆக்ஸிஜனையும் விலையுயர்ந்த மயக்க வாயுவையும் திரும்ப அனுப்பும் ஏற்பாடு அது. வடிகட்டும் வேலையைச் செய்வது சோடா லைம் என்ற மணிகள். ஒளி ஊடுருவும் டப்பாவில் நிரப்பியிருப்பார்கள். முக்கியமாகக் கால்சியம் ஹைட்ராக்ஸைடு. அது கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாக மாறும். கூடவே சூடும் பிறக்கும். வேலை செய்யும் டப்பாவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். காற்று ஒரே திசையில் சுற்றுவதற்காக, போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒவ்வொரு வால்வு. உள்ளே மெல்லிய தட்டு ஒன்று ஒவ்வொரு மூச்சுக்கும் எழுந்து அமரும்.

மணிகள் தீர்ந்துபோனால் நோயாளி தான் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பார். திரையில் அது எப்படித் தெரியும்? உள்மூச்சில் கோடு தரைக்கு வராது. முதலில் 2, பிறகு 4, 8 என்று தரையே மேலேறும். கூடவே உச்சியும் ஏறும். 38 இருந்த எண் 46, 52 என்று போகும். எண்ணை மட்டும் பார்ப்பவர் ‘வென்டிலேட்டர் போதுமான மூச்சுக் கொடுக்கவில்லை’ என்று முடிவுகட்டி மூச்சின் வேகத்தைக் கூட்டுவார். மூச்சு குறைவாகக் கொடுத்தாலும் உச்சி ஏறத்தான் செய்யும், ஆனால் அப்போது தரை சுழியத்திலேயே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது தரை மட்டும்தான். காரணம் மூச்சைத் திரும்ப இழுப்பது என்றால் வேகத்தைக் கூட்டி அதைத் தீர்க்க முடியாது.

மணிகளின் நிறத்தைப் பார்த்தால் தெரியாதா? தெரியும், பாதி நேரம். பலவகை மணிகளில் எதில் வயலட் என்ற சாயம் சேர்த்திருப்பார்கள். சக்தி தீரத் தீர வெள்ளை மணி ஊதாவாகும். ஆனால் ஊதாவான மணிகளை ஓய்வாக விட்டால் நிறம் பழையபடி வெளுத்துவிடும். வார இறுதியில் சும்மா கிடந்த இயந்திரத்தைத் திங்கட்கிழமை காலை பார்த்தால் டப்பா புதுசுபோலப் பளிச்சென்றிருக்கும். அரை மணி நேர அறுவையில் குட்டு வெளிப்படும். நீண்ட நாள் வெளிச்சம் பட்டாலும் சாயம் சோர்ந்துபோகும். நிறத்தைவிடக் கோட்டை நம்பலாம்.

தரை ஏறியதற்குக் காரணம் மணியா வால்வா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே செய்யலாம். இயந்திரத்துக்குள் போகும் புதுக் காற்றை நிமிடத்துக்கு ஒரு லிட்டரிலிருந்து எட்டு, பத்து லிட்டராகத் திறந்துவிட வேண்டும். புதுக் காற்று வெள்ளமாக வந்து பழைய காற்றை வெளியே தள்ளிவிடுவதால், மணியின் உதவியே தேவைப்படாது. சில மூச்சுகளில் தரை சுழியத்துக்கு வந்துவிட்டால் குற்றவாளி சோடா லைம். அறுவையை நிறுத்த வேண்டியதில்லை. அப்படியே அதிக ஓட்டத்தில் முடித்துவிட்டுப் பிறகு மணிகளை மாற்றலாம். தரை அடம்பிடித்தால் வால்வுகளைப் பார்க்க வேண்டும். வெளிமூச்சின் ஈரம் படிந்து வால்வின் தட்டு ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நிற்பதுதான் வழக்கமான கோளாறு. வெளிமூச்சு வழியின் வால்வு அப்படி நின்றால் தரை உயரும். உள்மூச்சு வழியின் வால்வு நின்றால் வேறு அடையாளம்: வெளியே விட்ட காற்று கொஞ்சம் உள்வழிக் குழாய்க்குள் பின்னால் போய்விடும், அடுத்த மூச்சில் முதலில் வருவது அதுதான். அதனால் கோடு செங்குத்தாக விழாமல் சரிவாக, தயங்கித் தயங்கி இறங்கும். சரிவின் அடிவாரத்தில் தரையைத் தொட்டும் விடலாம் என்பதால் இதைக் கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டும்.

மூன்றாவது வடிவம் அடைப்பு. ஓர் உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடலாம். காது அறுவைக்கு வந்த நாற்பது வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது, இப்போது இல்லை என்கிறார். தலை ஒரு பக்கம் திருப்பப்பட்டு, முகம் முழுக்கப் பச்சைத் துணியால் மூடப்பட்டிருக்கிறது. டியூபை நேரில் பார்க்க முடியாது. முதல் முக்கால் மணி நேரம் கோடு ஒழுங்காக ஓடுகிறது, எண் 37. பிறகு மெல்ல ஒரு மாற்றம். ஏறும் பக்கம் செங்குத்தாக இல்லாமல் சாய்கிறது. மேல்மட்டம் சமதளமாக இல்லாமல் மேல்நோக்கிச் சரிந்தபடி போகிறது. சரிவு உச்சியைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு வந்து வெட்டிவிடுகிறது. பாடப்புத்தகங்கள் இதைச் சுறாவின் முதுகுத் துடுப்பு என்கின்றன. எண் 33. எண்ணைப் பார்த்தவர் ‘நல்லது’ என்பார்.

நல்லது இல்லை. நுரையீரலின் எல்லா அறைகளும் ஒரே வேகத்தில் காலியாவதில்லை. மூச்சுக்குழல் இறுகும்போது சில பகுதிகள் சட்டென்று காலியாகும். இறுக்கம் அதிகமான பகுதிகள் தாமதமாக, மெல்ல மெல்லக் காலியாகும். தாமதமாக வருபவற்றில்தான் கரியமில வாயு அதிகம், ஏனென்றால் அங்கே புதுக் காற்று குறைவாகவே போயிருக்கிறது. எனவே மூச்சு முடிய முடிய அளவு ஏறிக்கொண்டே போகும். அதுதான் அந்தச் சரிவு. கடைசிப் பகுதி வெளியே வருமுன் வென்டிலேட்டர் அடுத்த மூச்சைத் தள்ளிவிடுவதால் திரை காட்டும் 33 உண்மையான முடிவு அல்ல, பாதியில் நறுக்கப்பட்ட எண். இயல்பான நிலையில் ரத்தத்தின் அளவுக்கும் திரை எண்ணுக்கும் வித்தியாசம் 2 முதல் 5 mmHg தான். இவருக்கு ரத்தத்தில் 50 இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கோடு அடைப்பு என்று சொல்லிவிட்டது. எங்கே என்று அது சொல்லாது. டியூப் துணிக்கடியில் மடிந்திருக்கலாம். பிளாஸ்டிக் டியூப் உடல் சூட்டில் இளகும். நோயாளி லேசாக விழித்து டியூபைக் கடித்திருக்கலாம். சளி அடைத்திருக்கலாம். அல்லது பழைய ஆஸ்துமா திரும்பியிருக்கலாம். எல்லாமே ஒரே துடுப்பைத்தான் வரையும். ஆகவே மயக்க மருத்துவர் செய்வது, குழாயின் வெளிமுனையில் தொடங்கி உள்ளே போவது. துணிக்கடியில் கையை விட்டு டியூபைத் தடவிப் பார்க்கிறார், மடிப்பு இல்லை. மெல்லிய உறிஞ்சு குழாயை டியூபுக்குள் விடுகிறார். தடையில்லாமல் முழு நீளமும் போகிறது, வெளியே சளியும் வரவில்லை. எனவே டியூபில் குறை இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் விசில் சத்தம். மூச்சுக்குழல் இறுக்கம்தான். மயக்க வாயுவான செவோஃப்ளுரேனைக் கூட்டுகிறார், அதுவே குழல்களைத் தளர்த்தும். டியூப் வழியாகச் சால்பியூட்டமால் அடிக்கிறார். மூச்சை வெளியே விட அதிக நேரம் கிடைக்கும்படி வென்டிலேட்டரின் வேகத்தைக் குறைக்கிறார்.

சில நிமிடங்களில் துடுப்பு மெல்ல நிமிர்ந்து, மேல்மட்டம் சமதளமாகிறது. வேடிக்கை என்னவென்றால், குணமாகும்போது எண் முதலில் ஏறும்: 33 இப்போது 46. அதுவரை உள்ளே சிக்கியிருந்த வாயு வெளியே வருகிறது. எண்ணை மட்டும் பின்தொடர்ந்தவருக்கு, நோயாளி நன்றாக இருந்தபோது மோசமாகிவிட்டதாகத் தோன்றும். கோட்டைப் பார்த்தவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறது என்று தெரியும்.

இந்தக் கோட்டுக்குத் தெரியாததும் உண்டு. டியூப் அதிக ஆழம் போய், ஒரே ஒரு நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாயில் நின்றுவிட்டால் கோடு கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். அந்த நுரையீரலிலிருந்து வாயு வந்துகொண்டுதானே இருக்கிறது. டியூப் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல் குரல்நாண்களுக்கு மேலேயே நின்றாலும் கோடு தெரியக்கூடும். இவற்றுக்கு இரண்டு மார்பிலும் மூச்சோசை கேட்பதும், பல்லருகே டியூபின் சென்டிமீட்டர் குறியைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பதும்தான் வழி. உறிஞ்சும் மெல்லிய குழாயில் நீர்த்துளி அடைத்தாலும் கோடு உருக்குலையும். குழந்தைகளுக்கு மூச்சின் அளவு சிறிதாகவும் வேகம் அதிகமாகவும் இருப்பதால், பக்கக் குழாய் வழியாக உறிஞ்சும் கருவியில் மேல்மட்டம் முழுமையாக உருவாகாமலே போகலாம். துடுப்பு போலத் தெரிவதெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது.

இந்தியாவில் கடினமான மூச்சுப்பாதைகளுக்கான அகில இந்திய மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், டியூபின் இடத்தை உறுதி செய்ய கேப்னோகிராஃபியையே சொல்கின்றன. பெரிய மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் இந்தக் கருவி சாதாரணமாகிவிட்டது. ஆனால் டியூப் போடும் இடம் அறுவை அரங்கு மட்டுமல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அவசரப் பிரிவிலும், ஆம்புலன்ஸிலும் போடுகிறார்கள். நோயாளியைப் படுக்கையிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து ஸ்கேன் மேசைக்கும் தூக்கி மாற்றும்போது ஏற்கெனவே சரியாக இருந்த டியூப் நழுவுவதும் உண்டு.

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் உங்களைப் பார்க்க வருவார். சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். உங்கள் முறை வரும்போது தயங்காமல் கேளுங்கள்: தியேட்டரில் மட்டுமல்லாமல், அறுவை முடிந்து என்னை வைக்கும் ஐ.சி.யு.விலும் கேப்னோகிராஃப் இருக்கிறதா, டாக்டர்?